பயிற்சிக் காவலர் பிரவீனா எழுதிய பலகை

திருப்புட்குழியைச் சேர்ந்த பிரவீனா காவலர் வேலைக்குத் தேர்வாவதற்கு முன்னால் மூன்று வருடம் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு வந்தாலும் வாசகம் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். "நீயே நல்லதா ரெண்டு வரி போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் இரண்டு வரி தயாராக இருக்கும். அப்படி எழுதிய கண்ணீர் அஞ்சலிகளைப் படித்து, இறந்தவரைத் தெரியாதவர்கள்கூட கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதுண்டு.

அப்பா பரசுராமன் கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர். அம்மா வடிவு ஏனாத்தூரில் பல்கலைக்கழக வளாகத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு தினமும் பஸ் ஏறுகிறவள். வீட்டில் சீருடை வேலைக்குப் போகும் முதல் ஆள் பிரவீனா. இரண்டாவது முறை எழுதித்தான் தேர்வானாள். உடல்தகுதித் தேர்வில் பெண்களுக்கு நானூறு மீட்டர் ஓட்டம். அதை நன்றாகவே ஓடிவிட்டாள். நானூறு மீட்டர் ஓடத் தெரிந்துவிட்டால் ஓடத் தெரிந்துவிட்டது என்று அப்போது நினைத்திருந்தாள்.

பயிற்சிப் பள்ளி வாலாஜாபாத் போகிற சாலையில், மூடிக் கிடந்த ஒரு கல்லூரிக் கட்டடத்தில் தற்காலிகமாக நடந்துகொண்டிருந்தது. ஏழு மாதப் பயிற்சி. காலை நாலே முக்காலுக்கு முதல் விசில். ஐந்தரைக்கு மைதானத்தில் வரிசை, ஆள் கணக்கு, பிறகு ஓட்டமும் உடற்பயிற்சியும். குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்கு கவாத்து. அதன் பிறகு சட்ட வகுப்பு. வகுப்பில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் பாதிப் பேருக்குக் கண் சொருகும். தூங்கினால் பின்னால் போய் நிற்க வேண்டும். நின்றுகொண்டே தூங்கவும் சிலர் கற்றுக்கொண்டார்கள். மாலையில் மறுபடி மைதானம், மறுபடி ஆள் கணக்கு. கைப்பேசியை முதல் நாளே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைக்கும்.

கவாத்து மைதானத்தின் நுழைவில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு பொன்மொழி எழுதியிருக்க வேண்டும் என்பது அங்கே முறை. முதல் இரண்டு நாள் யாரோ தலைவர்கள் சொன்னதை எழுதினார்கள். மூன்றாம் நாள் யாருக்கும் எதுவும் நினைவில்லை. கைப்பேசியும் கையில் இல்லை. பலகை காலியாகக் கிடந்தது.

கவாத்துப் பயிற்றுநர் குமாரசாமி பட்டாலியனில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த தலைமைக் காவலர். ஆள் ஒல்லி. குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரை போகும்.

"இன்னாம்மா, நூத்தி இருபது பேரு கீறீங்க. ஒருத்தர் தலையிலயும் ஒரு வரி இல்லியா? யாருக்கு கையெழுத்து நல்லா இருக்கும்?"

பிரவீனா கை தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பயந்தாள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், நின்ற இடத்திலேயே யோசித்து எழுதினாள்: 'முதல் வாரம் உடம்பு அழும். இரண்டாம் வாரம் மனசு அழும். மூன்றாம் வாரம் இரண்டும் பழகும்.'

குமாரசாமி படித்தார். இன்னொரு தடவை படித்தார். "யாரு சொன்னது இது?"

"நானேதான் சார்."

"நாளைலேர்ந்து நீதான்" என்றார்.

அந்த வேலைக்கு ஒரு சலுகையும் இருந்தது. பலகை எழுதுகிறவளுக்குக் காலைக் கழிப்பறை துப்புரவு கிடையாது. நூற்றிருபது பேர் இருக்கும் இடத்தில் அது சிறிய விஷயமில்லை.

முதல் இரண்டு வாரம் அவள் எழுதிய வரிகள் எல்லாம் பட்டறிந்து எழுதியவை. அட்டென்ஷனில் நிற்கும்போது முட்டியை விறைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் தலை சுற்றும், முட்டியை லேசாக விட்டு ஷூவுக்குள் கால்விரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று குமாரசாமி சொல்லிக் கொடுத்திருந்தார். அதைக் கேட்காத இரண்டு பேர் வெயிலில் மரம் மாதிரி முன்பக்கமாகச் சாய்ந்தார்கள். மறுநாள் பலகையில் 'அசையாமல் நிற்பவரின் கால்விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும்' என்று இருந்தது. காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடாதவர்களுக்குக் குதிகாலில் கொப்புளம் கிளம்பியது. 'ஓட்டம் ஆரம்பிப்பது காலுறையை மாட்டும்போது' என்று எழுதினாள். ஒரு மதியம், வீட்டு நினைவில் அழுதுகொண்டிருந்த சிம்ரன் என்ற மதுராந்தகத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை 'நின்றுகொண்டே அழலாம். உட்கார்ந்து அழுதால் எழுந்திருக்க நேரமாகும்' என்று எழுதினாள். சிம்ரன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். கவாத்தில் இடது காலோடு இடது கையையே வீசிக்கொண்டிருந்த பெண்கள், பக்கத்து ஆளின் தோளைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டதுகூட பலகையில் வந்தது. சாப்பாட்டு வரிசையில் இவளை 'போர்டு பிரவீனா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவளுடைய அடுத்த கட்டில் லக்ஷணாவுடையது. சின்ன காஞ்சிபுரத்துப் பெண். அப்பா அழகியமணவாளன் கோயிலில் பிரபந்தப் பாசுரங்களைச் சேவிக்கிறவர். திருப்புட்குழிக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் டவுன் பஸ்ஸில் அரை மணிதான். ஆனால் இந்தப் பயிற்சிப் பள்ளி இல்லாவிட்டால் இரண்டு பேரும் வாழ்நாளில் பேசியிருக்க மாட்டார்கள். "எங்காத்துல பஸ்ஸுக்குக்கூட யாரும் ஓடினது இல்லடி" என்று லக்ஷணா சொல்வாள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, தேர்வான பிறகு சொன்னவள். அம்மா பெருந்தேவி மூன்று நாள் பேசவில்லையாம். அப்பா மட்டும், "வேண்டாம்னு தோணினா அன்னிக்கே வந்துடும்மா, யாரும் ஏன்னு கேக்க மாட்டா" என்று சொல்லி அனுப்பினாராம். அந்த வார்த்தைதான் லக்ஷணாவை அதிகம் உறுத்தியது. திரும்பி வருவாள் என்று அப்பா நினைக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஓட்டம் வாரத்துக்கு வாரம் கூடியது. முதல் வாரம் ஒன்றரை கிலோமீட்டர், இரண்டாம் வாரம் மூன்று. மைதானத்தில் மழைத்தண்ணீர் தேங்கியதால் மூன்றாம் வாரத்திலிருந்து தார்ச்சாலையில் ஓட வைத்தார்கள். அதிலிருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பை ஒட்டி வலி. காலையில் எழுந்து இரண்டு அடி வைக்கும்போது உயிர் போகும், கொஞ்சம் ஓடினால் சூடேறி மரத்துவிடும்.

உடம்பு முடியாதவர்கள் ஓட்டத்துக்கு முன் 'சிக் ரிப்போர்ட்' சொல்லி, வேப்பமரத்தடியில் தனியாக நிற்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஆனால் அந்த மரத்தடிக்குப் போகிறவர்களை மற்றவர்கள் 'நிழல் கம்பெனி' என்றார்கள். குமாரசாமியும் அதைக் கேட்டுச் சிரிப்பார். வெளிப்பயிற்சியில் பல நாள் தவறினால் அடுத்த அணியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சும் இருந்தது. அதனால் காய்ச்சல் வந்தாலொழிய யாரும் மரத்தடிக்குப் போகவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஓரம் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். லக்ஷணா பேன்ட்டை முட்டி வரை சுருட்டி, வலது காலைக் காட்டினாள்.

"உனக்கு எங்க வலிக்கறது?"

பிரவீனா தன் காலில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவிக் காட்டினாள். "இங்கேர்ந்து இது வரைக்கும். ஓட ஆரம்பிச்சா போயிடுது."

"எனக்கு இங்க மட்டும்தான்." லக்ஷணா ஒரு விரலை வைத்தாள். "தொட்டாலே துடிக்கறது. ஓடினா ஜாஸ்தியாறது. இப்ப சும்மா உக்காந்திண்டு இருக்கறப்பவும் வலிக்கறது."

"எல்லாருக்கும்தான் வலிக்குது. பழகிடும்பா" என்றாள் பிரவீனா.

"அப்படியா சொல்ற?"

"சிக் ரிப்போர்ட் போனா அப்புறம் உங்க அப்பா கிட்ட வேற சொல்லணுமே."

லக்ஷணா பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டாள். பிரவீனா சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் துணியைப் பிழிந்து காயப்போடும்போதே அந்தப் பேச்சிலிருந்து ஒரு வரி அவள் மனதில் உருவாகத் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை அதைப் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'வலியைச் சொல்லத் தெரிந்தவளைவிட வலியோடு ஓடத் தெரிந்தவள் பெரியவள்.'

அதுவரை எழுதியதிலேயே குமாரசாமிக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். ஓட்டத்துக்கு முன் அணி முழுவதையும் மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வைத்தார். அந்த வாரம் முழுக்க அதை அழிக்க வேண்டாம் என்றார். பிரவீனா வரிசையில் நின்று, தன் வாக்கியத்தை நூற்றிருபது குரலில் கேட்டாள். லக்ஷணாவும் சொன்னாள். காலுறைக்குள் இழுத்துக் கட்டிய துணிக்கட்டு லேசாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

வியாழக்கிழமை முதல் ஐந்து கிலோமீட்டர். மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் லக்ஷணாவின் ஓட்டம் மாறியது. வலது காலை ஊன்றாமல் இழுத்து இழுத்து வந்தாள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரவீனாவுக்கு அவள் மூச்சோடு சேர்ந்து ஏதோ முணுமுணுப்பது கேட்டது. உற்றுக் கேட்டபோது தன்னுடைய வரிதான் அது என்று தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல்.

"லக்ஷணா, நின்னுடு. நான் சார் கிட்ட சொல்றேன்."

அவள் நிற்கவில்லை. இன்னும் முப்பது நாற்பது அடி போயிருப்பாள். பிறகு சாலையோர மணலில் பக்கவாட்டில் விழுந்தாள். கத்தவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் திறந்தாள்.

பயிற்சிப் பள்ளியின் பொறுப்பு உதவி ஆய்வாளர் ஏஞ்சல், ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். துணைக்கு பிரவீனாவையும் ஏறச் சொன்னார். எலும்பு மருத்துவர் கட்டைவிரலால் காலை அழுத்திக்கொண்டே வந்தார். அந்த ஓர் இடத்தில் லக்ஷணா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா?"

"பத்து நாளா, டாக்டர்."

படம் எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் விளக்கினார். பழக்கமில்லாத கால் திடீரென்று நிறைய ஓடினால், எலும்பைச் சுற்றியுள்ள தசை வலிக்கும். அது பரவலாக இருக்கும், ஓடி ஓடிப் பழகிவிடும். இது வேறு. எலும்பிலேயே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. இதன் வலி ஒரு விரல் வைக்கிற இடத்தில் நிற்கும், ஓட ஓடக் கூடும், உட்கார்ந்தாலும் விடாது. "வலி வந்த முதல் வாரமே ஓட்டத்த நிறுத்தியிருந்தா மூணு நாலு வாரத்துல சரியாகியிருக்கும்மா. இப்ப வெடிப்பு நீளமா ஆயிட்டுது. கட்டு போட்டு எட்டு வாரம் ஊனக் கூடாது. இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா முழுசா முறிஞ்சிருக்கும்."

திரும்பி வரும்போது ஜீப்பில் ஏஞ்சல் கேட்டார். "பக்கத்து கட்டில்தானே நீ? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பிரவீனாவுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "தெரியும் மேடம். என்கிட்ட கால காட்டுச்சு. பழகிடும்னு சொன்னேன்."

ஏஞ்சல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது பிரவீனாவுக்கு.

அன்று சாயங்காலமே அழகியமணவாளன் வந்துவிட்டார். நெற்றியில் திருமண், தோளில் அங்கவஸ்திரம், கையில் மகளுடைய மாற்றுத்துணிப் பை. அழைத்துப் போகத் தயாராகத்தான் வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்ளோ வலிய வெச்சுண்டு எப்படிம்மா ஓடினே?"

"திரும்பி வந்துடுவேன்னு நீங்க நெனச்சுண்டிருக்கேளேன்னுதான் ஓடினேன்."

அவர் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். "பயந்துண்டு சொன்னேன்மா. உன்னால முடியாதுன்னு சொல்லல" என்றார். லக்ஷணா போக மறுத்தாள். சட்ட வகுப்புக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், மைதானப் பயிற்சியை அடுத்த அணியோடு முடித்துக்கொள்கிறேன் என்று ஏஞ்சலிடம் அவளே கேட்டுக்கொண்டாள். பணிமூப்பு பின்னுக்குப் போகும் என்று ஏஞ்சல் ஒளிக்காமல் சொன்னார். அவள் சரி என்றாள். துணிப் பையை அங்கேயே வைத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை பிரவீனா எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போனாள். பலகையில் அவளுடைய வரி அப்படியே இருந்தது. ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தாள். வழக்கமாக அழகாக வரும் எழுத்து அன்றைக்கு அவசரமாகக் கோணிக்கொண்டு வந்தது:

'கை வைத்துத் தடவிக் காட்டுகிற வலி பழகிவிடும். ஒரு விரல் வைத்துக் காட்டுகிற வலியை இன்றைக்கே சொல்லிவிடு. நேற்று வரை இங்கே இருந்த வரி தவறு. எழுதியவள் நான்.'

குமாரசாமி வந்து படித்தார். முகம் இறுகியது. "இது பொன்மொழியாம்மா? ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி கீது."

"நோட்டீஸ்தான் சார்."

"யாரக் கேட்டு எழுதுன?"

அவள் அட்டென்ஷனில் நின்றாள். பதில் இல்லை. அதற்குள் வரிசை கூடிவிட்டது. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். சிக் ரிப்போர்ட் கேட்டபோது முதலில் யாரும் அசையவில்லை. பிறகு சிம்ரன் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அடுத்து இன்னொருத்தி. கடைசியில் வேப்பமரத்தடியில் ஏழு பேர் நின்றார்கள். அந்தப் பள்ளியில் ஒரே காலையில் அத்தனை பேர் அங்கே நின்றதில்லை.

குமாரசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. "பார்த்தியா? ஒரு வரி எழுதி ஏழு பேர படுக்க வெச்சுட்ட. நாளைக்கு எழுபது பேர் போய் நிப்பாங்க. ஒரு ஊர்ல கலவரம்னா, எனக்கு ஒரு விரல் வைக்கிற இடத்துல வலிக்குதுன்னு நிப்பீங்களா?"

அனுமதியில்லாமல் எழுதியதற்கும், பயிற்றுநருக்குப் பதில் சொல்லாததற்கும் பிரவீனாவுக்கு நான்கு நாள் கூடுதல் கவாத்து. பலகை வேலையும் பறிபோனது. கழிப்பறை துப்புரவு திரும்ப வந்தது. கூடுதல் கவாத்து என்றால் மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மத்தியான நேரத்தில் தனியாளாக மைதானத்தில் அரை மணி நேரம். அவள் முணுமுணுக்காமல் செய்தாள். தண்டனை தனக்குத் தேவைதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் எதற்காக என்பதில்தான் குமாரசாமியும் அவளும் வேறுபட்டார்கள்.

ஏழு பேரையும் ஏஞ்சல் மருத்துவரிடம் அனுப்பினார். நான்கு பேருக்கு வெறும் தசைவலி. ஐஸ் வைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருத்திக்கு ஒன்றுமே இல்லை. ஓடப் பிடிக்காமல் போனவள். அவளுக்கு ஏஞ்சல் தனியாக வகுப்பெடுத்தார். மீதி இரண்டு பேருக்கு, அதில் ஒருத்தி சிம்ரன், லக்ஷணாவுக்கு வந்ததன் ஆரம்பம். மூன்று வாரம் ஓட்டம் வேண்டாம், நடக்கலாம், கவாத்தை நின்று பார்க்கலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

அந்தச் சீட்டு இரண்டையும் குமாரசாமி வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தண்டனையின் மூன்றாம் நாள் மத்தியானம், பிரவீனா மைதானத்தில் தனியாக அபவுட் டர்ன் அடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டேண்ட் அட் ஈஸ் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"எனக்கு பட்டாலியன்ல ரெண்டாவது வருஷம் இதேதான்" என்று தன் இடது முன்னெலும்பைத் தட்டினார். "ஒடஞ்சு போச்சுன்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சரியா சேரல. மழ வந்தா இன்னும் கொடையுது. சொல்லக் கூடாதுன்னு எங்க வாத்தியாரு சொன்னாரு. நானும் சொல்லல."

பிரவீனா அவருடைய காலைப் பார்த்தாள்.

"அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிடாது. என்னக் கேட்டுட்டு எழுதியிருக்கணும்."

"ஆமா சார்."

"இன்னும் ஒரு நாள் கவாத்து இருக்குது. முடிச்சுடு."

நான்காம் நாளையும் முடித்தாள். அவர் மன்னிப்பு கேட்கவுமில்லை, தண்டனையைக் குறைக்கவுமில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஓட்டம் தார்ச்சாலையில் இல்லை. பக்கத்து ஏரிக்கரை மண்பாதைக்கு மாறியது. தொடர்ந்து இரண்டு நாள் நெடுந்தூர ஓட்டம் வைப்பதும் நின்றது. நிழல் கம்பெனி என்று யாரோ ஒருத்தி சொன்னபோது குமாரசாமி சிரிக்கவில்லை. "அங்க நிக்கிறவள டாக்டர் பார்ப்பாரு. நீ முன்னாடி பாரு" என்றார். பலகையை வேறொரு பெண் எழுத ஆரம்பித்தாள். தலைவர்கள் சொன்னதுதான் மறுபடி வந்தது. பிரவீனாவுக்கு அதில் வருத்தமில்லை. பிளெக்ஸ் கடையில் தெரியாதவர்களின் துக்கத்தை எடுத்து அழகாக எழுதிப் பழகிய கைக்கு, தெரிந்தவளின் வலியையும் அப்படி எடுத்து எழுதத் தோன்றியது எப்படி என்று அவள் பல நாள் யோசித்தாள்.

லக்ஷணாவிடம் அவள் நேரடியாகவே சொன்னாள். "நீ காட்டுன கால வெச்சுதான் அந்த வரிய எழுதுனேன்பா. தப்பு."

"தெரியும்" என்றாள் லக்ஷணா. "படிச்சவுடனேயே தெரிஞ்சுது. ஆனா நல்லா இருந்துதேடி. அதான் கஷ்டம்." அந்த எட்டு வாரமும் லக்ஷணாவின் வாளியைத் தூக்கியது பிரவீனா. சட்டப் பிரிவுகளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்து, சட்டத் தேர்வில் தேற வைத்தது லக்ஷணா.

ஏழு மாதம் முடிந்து அணிவகுப்பு நடந்தபோது வடிவும் பரசுராமனும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிரவீனாவுக்கு மாவட்ட ஆயுதப்படையில் பணி. லக்ஷணா அடுத்த அணியில் முதல் வாரத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்திருந்தாள்.

வைகாசிக் கருடசேவையன்று பிரவீனாவுக்கு சின்ன காஞ்சிபுரத்தில் பந்தோபஸ்து. விடியற்காலையிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நின்றாள். பெருமாளுக்கு முன்னால் பிரபந்த கோஷ்டி பாசுரம் ஓதிக்கொண்டு வந்தது. அதில் வந்துகொண்டிருந்த அழகியமணவாளன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, வரிசையிலிருந்து இரண்டு அடி விலகி வந்தார்.

"லக்ஷணா போன வாரம் அஞ்சு கிலோமீட்டர் முடிச்சுட்டாளாம்மா. காலுக்கு ஒண்ணுமில்லையாம். ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா, உன்கிட்ட சொல்லச் சொன்னா."

"ரொம்ப சந்தோஷம் சாமி" என்றாள் பிரவீனா. கோஷ்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் வேகமாக நடந்து தன் இடத்தில் சேர்ந்துகொண்டார். பின்னாலிருந்து கூட்டம் அழுத்தியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கையைக்கூட எடுக்க முடியாமல், கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்றாள்.